மஞ்சள் சுவர் முன்னால் எந்த நிறம் எடுபடும்?

நிச்சயதார்த்தப் படம் எடுக்கப் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில்தான் நிற்கிறார்கள். கடுகு மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மதிலுக்கு மேல் காகிதப்பூ. ஆனால் பட்டும் சட்டையும் எடுத்து முடித்த பிறகுதான் பல வீடுகளில் படம் எடுக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அது தலைகீழ் வரிசை. சுவரை மாற்ற முடியாது, துணியைத்தான் மாற்ற முடியும்.

மங்கலமான நிறம் என்று மாம்பழ மஞ்சள் பட்டு கட்டினால், அந்தச் சுவர் முன்னால் புடவை கரைந்து முகமும் கையும் மட்டும்தான் தெரியும். அங்கே எடுபடுவது மஞ்சளுக்கு எதிர்ப்பக்கத்து நிறங்களான நீலமும் ஊதாவும்.

மணப்பெண்ணுக்குத் தங்கச் சரிகை போட்ட எம்.எஸ். நீலக் காஞ்சிபுரம் பட்டு என்று வைத்துக்கொள்வோம். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய அந்த ஆழ்ந்த நீலம் மஞ்சளில் பளிச்சென்று எழுந்து நிற்கும். சரிகையோ சுவரின் நிறத்தைப் புடவைக்குள் கொஞ்சம் கொண்டுவந்துவிடும். பின்னணி நிறம் உடையிலும் இப்படி ஓர் ஓரமாக இருந்தால் படம் ஒட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளைக்கும் அதே நீலத்தில் சட்டை எடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். எடுக்கக் கூடாது. இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும்போது அவள் முந்தானை எங்கே முடிகிறது, அவன் கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே நீலத் திட்டாகிவிடும். அதே குடும்பத்தில் நன்றாக வெளிறிய சாம்பல் நீலச் சட்டை போதும். கீழே வெள்ளை வேட்டி கட்டினால் ஜன்னல் விளிம்பின் வெள்ளையோடு சேர்ந்துகொள்ளும். பொடிக் கட்டம் போட்ட சட்டை மட்டும் வேண்டாம்; கேமராவில் அது அலை அலையாக நெளிந்து தெரியும்.

சுவரில் சாய்ந்து நிற்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் பட்ட மஞ்சள் சுவர் அந்த நிறத்தைப் பக்கத்தில் இருப்பவர் மேல் வீசும். சுவர்ப்பக்கத்துக் கன்னமும் வேட்டியும் மஞ்சள் பூத்துவிடும். கேமராவில் மஞ்சளைக் குறைத்தால் மறுபக்கக் கன்னம் நீலம் பாரிக்கும். நாலைந்து அடி தள்ளி நின்றாலே இது பெருமளவு குறையும்.

இதே உடையோடு கடற்கரைச் சாலைக்குப் போனால் கணக்கு மாறிவிடும். அங்கே பின்னால் இருப்பது கரும்பாறையும் நீலக் கடலும், எம்.எஸ். நீலம் அதில் அமிழ்ந்துபோகும். மாம்பழப் பட்டுக்கு ஏற்ற இடம் அதுதான். இரண்டு இடத்திலும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டாவது உடைக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. இடத்தைப் பார்க்கப் போகும்போது புடவையையும் சட்டையையும் சுவர் முன்னால் பிடித்து, போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். மூன்றும் வெவ்வேறு சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் துணியையே எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது இரண்டு ஒன்றாகக் கலந்தால், சட்டையை இன்னும் வெளிறியதாகவோ அடர்ந்ததாகவோ மாற்றிப் பார்க்க வேண்டும்.