வராத கடனிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

"ஐயாயிரம் ரூபாய்ல கடை போட்டேன். நேர்மையா உழைச்சேன். இன்னைக்குச் சொந்தக் கட்டடம்."

மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்த முதல் நாள், அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். மூன்றும் உண்மை. ஆனால் நாளைக்குக் கடை திறக்கப்போகிற ஒரு பையன் இதைப் படித்து என்ன தெரிந்துகொள்வான்? அதே பணத்தோடும் அதே உழைப்போடும் கடை போட்டு, இரண்டே வருடத்தில் மூடியவர்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

மறுநாள் பேச்சை நிறுத்திவிட்டு, பரணில் கிடந்த பற்று நோட்டுகளை இறக்கச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, சரக்கு, தொகை; கணக்குத் தீர்ந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. கோடு விழாத பக்கங்களை மட்டும் மடித்துக்கொண்டே வந்தோம். முதல் மூன்று வருடத்தில் அப்படிப் பதினான்கு பக்கங்கள். கூட்டிப் பார்த்தால் 18,400 ரூபாய். "அவ்வளவா போச்சு?" என்று அவரே கேட்டார். ஏதோ இரண்டாயிரம், மூவாயிரம் வராமல் போனதாகத்தான் அதுவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு நூறு ரூபாய்க்கு விற்றால் செலவெல்லாம் போக எட்டு ரூபாய் நிற்கும். அந்தக் கணக்கில், போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்க இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். ஒரு நாள் வியாபாரமே ஆயிரத்து ஐந்நூறுதான். ஆக, ஐந்து மாதத்துக்கு மேல் அவர் அதிகாலையில் எழுந்து கடை திறந்ததெல்லாம் அந்தப் பதினான்கு பக்கங்களுக்காக.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அவர் வாயிலிருந்து உண்மையான கதை வந்தது. பழைய பாக்கியில் பாதியாவது வந்தால்தான் புதுப் பற்று என்ற கட்டுப்பாடு நாலாம் வருடத்தில் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் அவருடைய மனைவி. மத்தியானம் இவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்தவர், யார் யார் அந்த நேரம் பார்த்துக் கடன் கேட்டு வருகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறார். முதல் நாள் கேட்ட கதையில் அந்த அம்மா இல்லவே இல்லை.

நாங்கள் எழுதிய அத்தியாயம் அந்தக் கோடு விழாத பக்கங்களில்தான் தொடங்குகிறது. கடன் கொடுத்த அன்று அவருக்கு என்ன தெரியும், ஏன் மறுக்க முடியவில்லை, எப்போது விழித்துக்கொண்டார், அதற்குப் பிறகு எதை மாற்றினார் என்று அன்றைய வரிசையிலேயே எழுதினோம். இன்றைய புத்தியை அன்றைய மனிதருக்குக் கொடுத்துவிட்டால் பாடம் போய்விடும், பெருமை மட்டும் மிஞ்சும்.

வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் 1992-இல் வெளிவந்த தன் வரலாற்றில் இதைச் செய்திருக்கிறார். 1945-இல் அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில், நியூபோர்ட் என்ற சிற்றூரில் அவர் எடுத்தது ஒரே ஒரு பலசரக்குக் கடை. ஐந்தே வருடத்தில் வியாபாரத்தைப் பல மடங்கு பெருக்கினார். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில், கெடு முடிந்தபின் புதுப்பிக்கும் உரிமை எழுதப்படவில்லை. கட்டடக்காரர் தன் மகனுக்குக் கடை வேண்டும் என்றார். வால்டன் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அந்தத் தவறை அவர் யார்மேலும் போடாமல், தான் கவனிக்காமல் விட்டது என்றே எழுதினார். வாடகைக் கடை நடத்துகிற எவருக்கும் அந்தச் சில பக்கங்கள் போதும்.

பாடம் எங்கே செல்லாது என்பதையும் எழுதியாக வேண்டும். எங்கள் மளிகைக்காரர் கடனை இறுக்கியும் ஆள் குறையவில்லை என்றால், அதே வருடம் கடை வாசலில் பேருந்து நிறுத்தம் வந்து ரொக்க வியாபாரம் கூடியதும் ஒரு காரணம். "அதையும் போடணுமா?" என்று தயங்கினார். போட்டோம். அதை மறைத்தால், பேருந்து நிற்காத தெருவில் கடை வைத்திருப்பவன் இந்த யோசனையை நம்பி இருக்கிற வாடிக்கையையும் இழப்பான்.

கடன் பாக்கி வைத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். அதனால் பெயர், தொழில், வீட்டு அடையாளம் மூன்றையும் எடுத்துவிட்டுத் தொகையை மட்டும் வைத்தோம். கைப்பிரதி முடிந்ததும் ஒரு வேலை செய்தோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு ஜவுளிக் கடைக்காரரின் புத்தகத்தில் அப்படியே ஒட்டிப் பார்த்தோம். பொருந்திய வாக்கியங்களை அடித்துவிட்டோம். "நேர்மையா உழைச்சேன்" அதில்தான் போனது.

உங்கள் வீட்டிலும் ஒரு கடைக்காரர் இருந்தால், பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இயந்திரத்தில் அச்சாகும் பளபளப்பான ரசீதுகளின் எழுத்து சில வருடங்களில் மங்கிப் போகும்; அவற்றை இப்போதே நகலெடுத்து வையுங்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு விழாத முதல் பக்கத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேளுங்கள்.