மாநாட்டுப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாநாட்டில் பேச விரும்புவோரிடம் முன்மொழிவு கேட்கும் படிவம் சுருக்கமாக இருப்பதே நல்லது. தலைப்பு, பார்வையாளர் படிக்கும் சுருக்கம், தேர்வுக்குழு மட்டும் படிக்கும் விளக்கக் குறிப்பு, வர இயலாத நாட்கள் ஆகியவை போதும். இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி நிரல் போடும்போதுதான் அதன் அருமை தெரியும். பெயரையும் நிறுவனத்தையும் தனிப் பகுதியில் வாங்கினால், முதல் சுற்றில் அவற்றை மறைத்து வைக்கலாம்.

24 பேச்சுகளுக்கு இடமுள்ள ஒரு மாநாட்டுக்கு 120 முன்மொழிவுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மூன்று பேர் படிக்க வேண்டும். குழுவில் ஆறு பேர் இருந்தால், ஆளுக்கு 60. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேர வேலை. ஒரே இரவில் முடிக்க முயன்றால், கடைசியாகப் படிப்பவற்றுக்கு நியாயம் கிடைக்காது.

ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும்போது ஒரு சிக்கல் வரும். கறாரானவரின் சராசரி 2.2 ஆகவும், தாராளமானவரின் சராசரி 4.1 ஆகவும் இருக்கலாம். முன்னவர் தரும் 3 பாராட்டு. பின்னவர் தரும் 4 அவர் கணக்கில் சுமார்தான். அப்படியே கூட்டினால் யார் கையில் சிக்கியது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். எனவே ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்துப் பார்ப்பது முறை: முன்னதற்கு +0.8, பின்னதற்கு -0.1. சராசரியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 3, 3, 3 வாங்கிய முன்மொழிவுக்கும் 5, 3, 1 வாங்கியதற்கும் சராசரி ஒன்றே. ஆனால் இரண்டாவதில் ஒருவர் எதையோ கண்டிருக்கிறார், இன்னொருவர் எதையோ சந்தேகிக்கிறார். குழு கூடிப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். நண்பரின் முன்மொழிவு வந்தால் மதிப்பெண் போடாமல் விலகிக்கொள்வது கட்டாயம்.

தேர்வானதும் வேலை முடிந்துவிடாது. pretalx போன்ற மென்பொருளில் ‘ஏற்கப்பட்டது’ ஒரு நிலை, பேச்சாளர் வருவதாக ‘உறுதி செய்தது’ வேறு நிலை. 24 பேருக்கு ஏற்புக் கடிதம் அனுப்பி, உறுதி செய்ய ஒரு வாரம் தரலாம். அடுத்த ஆறு பேரிடம் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதையும் முடிவு தெரியும் தேதியையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மீதி 90 பேருக்கு மறுப்புக் கடிதம் அதே நாளில் போக வேண்டும். நிகழ்ச்சி நிரலில் தன் பெயர் இல்லாததைப் பார்த்து ஒருவர் முடிவைத் தெரிந்துகொள்வது பெரும் அவமதிப்பு.

மறுப்புக் கடிதம் ஏற்கப்பட்டவருக்கும், ஏற்புக் கடிதம் மறுக்கப்பட்டவருக்கும் மாறிப்போவதுதான் திருத்தவே முடியாத தவறு. அதனால் கடிதங்களை அனுப்பாமல் வரிசையில் நிறுத்தி, எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்றைத் திறந்து, பெயரையும் முடிவையும் ஒப்பிட வேண்டும். 24, 6, 90 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 120 வராவிட்டால், ஒரு கடிதமும் போகக் கூடாது.