வழி சொல்வது எப்படி?

தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் 'அதியமான் பெருவழி' என்ற சாலையின் ஓரத்தில் நின்ற கல் அது. நாவற்றாவளம் என்ற இடத்திற்கு இன்னும் 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தோடு, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் உள்ளன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. படிக்கத் தெரியாத வழிப்போக்கரும் குழிகளை எண்ணித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

நல்ல வழிக்குறிப்புக்கு வேண்டிய ஒரு குணம் இந்தக் கல்லில் இருக்கிறது. நடப்பவர் "நான் சரியான பாதையில்தான் போகிறேனா?" என்று வழியிலேயே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. நாம் அழைப்பிதழ்களில் எழுதும் குறிப்புகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டி ஒரு கிராமம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்குள்ள பள்ளியில் காலை 9 மணிக்கு அறிவியல் கண்காட்சி. அழைப்பிதழில் இப்படி எழுதியிருக்கிறார்கள்:

"பள்ளிக்கு வர, கோயிலுக்கு முன்னால் இடது பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு முன் ரேஷன் கடையை ஒட்டி இடது பக்கம் பிரியும் மண்சாலையில் கொஞ்ச தூரம் வரவேண்டும். வழியில் மாந்தோப்பு இருக்கும். ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கிக் கடை வரை நடந்தால் போதும். பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்தான் பள்ளி."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இதை நம்பிப் புறப்பட்டவர் வழி தவறக்கூடும். ஏன்?

முதலாவது, வரிசை. நடப்பவர் முதலில் பேருந்திலிருந்து இறங்குகிறார். குறிப்போ கோயிலில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. எழுதியவருக்கு ஊர் முழுவதும் மனத்தில் ஒரே படமாகத் தெரிகிறது. நடப்பவருக்குத் தெரிவது கண்முன் உள்ள ஐம்பது அடி மட்டுமே.

இரண்டாவது, 'முன்னால்' என்ற சொல். கோயிலை அடைவதற்கு முன் திரும்புவதா, கோயில் வாசலுக்கு எதிரில் திரும்புவதா? தமிழில் இந்தச் சொல் இரண்டு பொருளும் தரும். 'கொஞ்ச தூரம்' என்பதும் அப்படித்தான். உழவருக்குக் கொஞ்ச தூரம் என்றால் ஒரு கிலோமீட்டர். நகரத்தில் வளர்ந்தவருக்கு நூறு மீட்டர்.

மூன்றாவது, இடமும் வலமும். கிழக்கும் மேற்கும் நாம் திரும்பும்போது மாறுவதில்லை. இடமும் வலமும் மாறிவிடும். பேருந்தின் கதவு இடப்பக்கம் இருப்பதால், இறங்கும்போது நாம் பேருந்துக்கு முதுகு காட்டி நிற்போம். அப்போது 'இடது பக்கம்' என்றால் எது? எந்தத் திசை நோக்கி நிற்கவேண்டும் என்று சொல்லாவிட்டால் தொடக்கமே தவறாகிவிடும்.

இனி இந்தப் பத்தியைப் படிகளாக மாற்றுவோம். முதலில், நடப்பவர் 'இப்போது எந்தப் பக்கம்?' என்று தயங்கி நிற்கக்கூடிய இடங்களை அடையாளம் காணுங்கள். நமது பத்தியில் அவை நான்கு: பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, கோயிலுக்கு முந்தைய பிரிவு, தண்ணீர்த் தொட்டி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படி. மாந்தோப்பு தயங்கும் இடமல்ல. எனவே அதற்குத் தனிப் படி வேண்டாம். ஆனால் அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். அது சரிபார்க்கும் அடையாளம். அந்தப் பழைய கல்லைப் போல.

பிறகு ஒருமுறை நடந்து பார்த்துத் தூரத்தை அளக்க வேண்டும். உங்கள் ஒரு காலடி 60 சென்டிமீட்டர் என்றால், 500 காலடிக்கு 300 மீட்டர். நிதானமாக நடப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் போவார். மீட்டர் பழக்கமில்லாதவர்களுக்காக நிமிடத்தையும் எழுதுங்கள். அளந்தபின் படிகள் இப்படி அமைகின்றன:

1. தருமபுரியிலிருந்து வரும் பேருந்தில் 'ஏரிக்கரை' நிறுத்தத்தில் இறங்குங்கள். பேருந்து போன திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் வலப்பக்கம் ஏரிக்கரை தெரியும்.

2. அதே திசையில் சாலையோரமாக 200 மீட்டர் (2 அல்லது 3 நிமிடம்) நடங்கள். இடப்பக்கம் ரேஷன் கடை வரும். கடையைத் தாண்டியவுடன் இடப்பக்கம் பிரியும் மண்சாலையில் திரும்புங்கள்.

3. மண்சாலையில் 400 மீட்டர் (5 நிமிடம்) நடங்கள். வழியில் வலப்பக்கம் மாந்தோப்பு இருக்கும். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்புங்கள். கோயில் வாசலுக்கு வந்துவிட்டால், 50 மீட்டர் கூடுதலாக வந்துவிட்டீர்கள், திரும்பி வாருங்கள்.

4. இன்னும் 100 மீட்டர் நடங்கள். வலப்பக்கம் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதற்கு எதிரில், இடப்பக்கம், பள்ளி வாசல்.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு திருப்பம்தான் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் தூரம், அடுத்து அடையாளம், கடைசியில் செய்யவேண்டிய செயல். அடையாளத்தைக் கண்டபிறகு திரும்ப நேரம் வேண்டுமல்லவா? திருப்பத்தைத் தாண்டியபின் கண்ணில் படும் அடையாளத்தால் பயனில்லை. அது 'கூடுதலாக வந்துவிட்டீர்கள்' என்று எச்சரிக்கவே உதவும். மூன்றாம் படியில் கோயில் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அடையாளம் நிலையானதாகவும் இருக்கவேண்டும். தள்ளுவண்டிக் கடை நாளை வேறிடம் போய்விடும். சுவரின் நிறம் பொங்கலுக்கு மாறிவிடும். ஏரியில் கோடையில் தண்ணீர் இருக்காது. ஆனால் கரை இருக்கும். அதனால்தான் 'ஏரி' என்று எழுதாமல் 'ஏரிக்கரை' என்று எழுதினோம். ஒரே தெருவில் மூன்று வேப்பமரங்கள் இருந்தால் வேப்பமரம் அடையாளமாகாது.

முதல் படியைச் சரிபார்க்கச் சூரியனும் உதவும். பென்னாகரம் தருமபுரிக்கு மேற்கே உள்ளது. எனவே நம் கற்பனைச் சாலையையும் மேற்கு நோக்கியதாகக் கொள்வோம். காலை 9 மணிக்கு மேற்கே நடப்பவரின் நிழல் அவருக்கு முன்னே விழும். நிழல் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் அவர் எதிர்த்திசையில் போகிறார். மாலையில் வருபவருக்கு இந்தக் குறிப்பு தலைகீழாகிவிடும். ஆகவே நேரத்தைக் குறிப்பிடாமல் இதை எழுதக்கூடாது.

திரும்பிப் போகும் வழியை எழுத, படிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கி, இடத்தை வலமாக மாற்றினால் போதுமா? பெரும்பாலும் போதும். இடப்பக்கத் திருப்பங்கள் வலப்பக்கமாகும். மாந்தோப்பு இடப்பக்கம் வரும். ஆனால் ஒன்று விடுபட்டுவிடும். தருமபுரி செல்லும் பேருந்து சாலையின் எதிர்ப்புறம், ஏரிக்கரை ஓரமாக நிற்கும். சாலையைக் கடக்கும் ஒரு படி புதிதாகச் சேரவேண்டும்.

எழுதி முடித்த குறிப்பு சரியா என்பதை எழுதியவரே முடிவு செய்ய முடியாது. ஊருக்குப் புதியவர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். பேசாமல் பின்னால் செல்லுங்கள். அவர் எங்கெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் ஓர் அடையாளம் குறைகிறது. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதிச் சோதித்துப் பாருங்கள். எத்தனை இடங்களில் நின்றார்?