அட்வான்ஸ் வாடகைக்கு வரி எப்போது?

“ஆடிட்டர் சாருக்கு வணக்கம். என் கடையை ஜனவரி 1, 2026 முதல் ஒரு கம்பெனிக்கு மாதம் 60,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு வருட வாடகை 7,20,000 ரூபாயை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அதில் 72,000 ரூபாயை டிடிஎஸ் பிடித்துக்கொண்டார்கள். தனியாக 6 லட்சம் டெபாசிட்டும் வந்திருக்கிறது. இவ்வளவுக்கும் இந்த வருடமே வரி கட்ட வேண்டுமா?”

சென்னையில் கடைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இப்படி எழுதினால், ஆடிட்டர் முதலில் அந்தப் பணத்தை இரண்டாகப் பிரிப்பார்.

டெபாசிட் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஊர்வழக்கில் அதையும் ‘அட்வான்ஸ்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது வருமானம் ஆகாது. முன்பணமாக வந்த வாடகை வருமானம்தான். ஆனால், வீட்டுச் சொத்து வருமானத்தில் பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று பார்ப்பதில்லை. எந்த மாதங்களுக்கான வாடகை என்றே பார்க்கிறார்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான 1,80,000 ரூபாய் மட்டும் 2025-26 கணக்கில் வரும். அதில் 30 சதவீத நிலையான கழிவாக 54,000 போனால், மீதி 1,26,000. சொத்து வரி கட்டியிருந்தால் இது இன்னும் குறையும். மற்ற ஒன்பது மாத வாடகையான 5,40,000 ரூபாய் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

சிக்கல் டிடிஎஸ்ஸில்தான் வருகிறது. பணம் கொடுக்கும்போதே முழுத் தொகைக்கும் 10 சதவீதம் பிடித்துவிடுவதால், 26AS-ல் 7,20,000 ரூபாயும் இந்த ஆண்டிலேயே பதிவாகிவிடும். ரிட்டர்னில் 1,80,000 மட்டும் காட்டி, 72,000 டிடிஎஸ்ஸையும் கேட்டால் கணக்கு ஒத்துப்போகாது. வருமானம் எந்த ஆண்டில் வருகிறதோ, அந்த ஆண்டில்தான் அதற்கான டிடிஎஸ்ஸும் கிடைக்கும். எனவே இந்த ஆண்டு 18,000 ரூபாயைக் கேட்டுவிட்டு, மீதி 54,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதாக டிடிஎஸ் அட்டவணையில் குறிப்பிட வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அடுத்த ஆண்டு வாடகையைக் காட்டும்போது, அதற்குரிய டிடிஎஸ் அவர்கள் கணக்கில் இருக்காது.

டெபாசிட்டும் கடைசிவரை டெபாசிட்டாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. காலி செய்யும் முன் கடைசி இரண்டு மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளச் சொன்னால், அந்த 1,20,000 ரூபாய் அந்த மாதங்களின் வாடகை வருமானமாகிவிடும். புதிதாகப் பணம் எதுவும் கைக்கு வராததால், இதை ரிட்டர்னில் காட்டப் பலருக்குத் தோன்றுவதில்லை.

வருமான வரித்துறை விளக்கம் கேட்டால் கைகொடுப்பது வாடகை ஒப்பந்தம்தான். எவ்வளவு வாடகை, அது எந்த மாதம் முதல் எந்த மாதம் வரைக்கானது, திருப்பித் தரவேண்டிய டெபாசிட் எவ்வளவு என்பதைத் தனித்தனியாக எழுதி, ரசீதையும் தனித்தனியாகவே கொடுக்கச் சொல்வார் ஆடிட்டர்.