நீட் பயிற்சி: மையமா, தனி ஆசிரியரா, இணையவழியா?

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கியது. அதன்பின் சுமார் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடங்கள் நிரம்பின. 2017இல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்ததும் நிலைமை மாறியது. பிளஸ் டூ முடித்துவிட்டு, மருத்துவ இடத்துக்காக ஓராண்டை ஒதுக்கித் திரும்பப் படிக்கும் 'ரிப்பீட்டர்' மாணவர்கள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். அந்த ஓராண்டை எப்படிச் செலவிடுவது என்று வீட்டில் பேச்சு எழும்போது மூன்று வழிகள் முன்வைக்கப்படும்: பயிற்சி மையம், தனி ஆசிரியர், இணையவழி வகுப்பு. எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு எது பொருந்தும் என்பதை, அவர் ஏற்கெனவே எழுதிய விடைத்தாளை வைத்துப் பெருமளவு கண்டறிந்துவிடலாம்.

முதலில் தேர்வின் கணக்கு. 2025 முதல் நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். விட்டுவிட்டால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகளில் 180க்கு விடையளித்தால் போதும் என்ற விருப்ப வசதியும், 2022 முதல் 2024 வரை கூடுதலாக 20 நிமிடங்களும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. எனவே பழைய ஆண்டுகளின் மதிப்பெண்ணை இப்போதைய தேர்வோடு அப்படியே ஒப்பிட முடியாது.

இந்தக் கணக்கில், தவறாக எழுதிய ஒரு கேள்வியைச் சரியாக எழுதினால் கிடைப்பது நான்கு மதிப்பெண் அல்ல, ஐந்து. விட்டுவிட்ட கேள்வியைச் சரியாக எழுதினால் நான்கு. ஆகவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் மாணவரின் நிலை தெரியாது. சரி, தவறு, விட்டது என்ற மூன்று எண்களும் பாடவாரியாக வேண்டும். தேசியத் தேர்வு முகமை வெளியிடும் ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து இவற்றை எண்ணிவிடலாம்.

ஒரு மாணவியின் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். உயிரியலில் 66 சரி, 18 தவறு, 6 விட்டது, மதிப்பெண் 246. வேதியியலில் 25 சரி, 13 தவறு, 7 விட்டது, மதிப்பெண் 87. இயற்பியலில் 17 சரி, 13 தவறு, 15 விட்டது, மதிப்பெண் 55. மொத்தம் 388. தவறியவையும் விட்டவையும் சேர்த்து 72 கேள்விகள் கைநழுவியிருக்கின்றன.

அடுத்த வேலை, அந்த 72 கேள்விகளையும் கடிகாரம் இல்லாமல், புத்தகம் இல்லாமல் மறுபடி போட்டுப் பார்ப்பது. இதற்கு இரண்டு நாள் போதும். இப்போது சரியாக வருபவை, அவசரத்தாலும் கவனக்குறைவாலும் போனவை. விளக்கத்தைப் பார்த்ததும் 'இது பாடத்திலேயே இருக்கிறதே' என்று தோன்றுபவை, படிக்காமல் விட்டவையோ மறந்தவையோ. விளக்கத்தைப் படித்தும் பிடிபடாதவை, புரியாதவை. இந்த மாணவிக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து வீதம் 15 கேள்விகள் கவனக்குறைவில் போயிருந்தன. உயிரியலில் 16, கனிம வேதியியலில் 9 என 25 கேள்விகள் சரியாகப் படிக்காததால் போயிருந்தன. புரியாதவை 32. அவற்றில் மரபியலில் 3, வேதியியல் கணக்குகளில் 6, மீதி 23ம் இயற்பியல்.

இப்போது படம் தெளிவாகிறது. படிக்காததால் போன 25 கேள்விகளுக்கு எந்த ஆசிரியரும் தேவையில்லை. நீட் உயிரியல் கேள்விகள் என்சிஇஆர்டி பாடநூலின் வாக்கியங்களை மிக நெருக்கமாக ஒட்டி வருபவை. படத்தின் கீழ் உள்ள குறிப்பிலிருந்துகூடக் கேள்வி வரும். அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கவனக்குறைவில் போன 15க்கு வேண்டியது முழுநேர மாதிரித் தேர்வுகள். ஆசிரியர் தேவைப்படுவது மீதி 32க்குத்தான். அதிலும் பெரும்பகுதி இயற்பியலுக்கு.

பயிற்சி மையம் விற்பது என்ன என்பதை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். வகுப்பு, 'மாட்யூல்' எனப்படும் அச்சிட்ட பாடத்தொகுப்பு, வாராந்தரத் தேர்வு, சந்தேகம் கேட்கும் நேரம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே மூட்டை அது. முழு ஆண்டுக்கும் பணம் கட்டும் இந்த மாணவி, தானே படித்துக்கொள்ளக்கூடிய உயிரியலுக்காகவும் மணிக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். படிப்பதற்கு மிஞ்சும் நேரம் குறையும். இவளுக்குப் பொருத்தமான ஏற்பாடு வேறு: வாரத்தில் இரண்டு நாள் இயற்பியலுக்கு ஒரு தனி ஆசிரியர், தனியாகக் கிடைக்கும் ஒரு 'டெஸ்ட் சீரிஸ்', மீதி நேரம் சொந்தப் படிப்பு.

இதே 388 மதிப்பெண்ணை இன்னொரு மாணவர் மூன்று பாடத்திலும் சமமான பலவீனத்தோடு எடுத்திருக்கலாம். பள்ளியில் பாடத்திட்டமே முழுதாக முடியாமல் போயிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமோ அமைதியோ இல்லாமல் இருக்கலாம். அவருக்கு மையமே சரி. காலையில் ஒரு இடத்துக்குப் போவதும், வாரம் தவறாமல் தேர்வு வருவதும், நூறு பேர் நடுவே தன் இடம் தெரிவதும் மையத்தின் உண்மையான பலன்கள். தமிழ்வழியில் படித்தவர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் பல மையங்களில் வகுப்பு தமிழில் நடந்தாலும் மாட்யூலும் தேர்வுத்தாளும் ஆங்கிலத்தில் இருக்கும். சேரும் முன் அச்சிட்ட தேர்வுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

தனி ஆசிரியரின் தரத்தை முதல் இரண்டு வகுப்பிலேயே அறியலாம். பேனா யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கணக்கை ஆசிரியரே அழகாகப் போட்டுக் காட்டினால் மாணவருக்குப் புரிந்தது போலத் தோன்றும். தேர்வில் கை ஓடாது. நல்ல ஆசிரியர் மாணவரைப் போடச் சொல்லி, எந்த வரியில் தடுக்கி நிற்கிறார் என்று பார்ப்பார். பல நேரம் தடுமாற்றம் இயற்பியலில் இருக்காது. திசையன்களைப் பிரிப்பதிலோ, மடக்கையிலோ, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்திலோ இருக்கும். இதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையே. அவரால் தர முடியாதது ஒப்பீடு. ஆயிரம் பேர் எழுதும் தேர்வில் மாணவர் எங்கே நிற்கிறார் என்பதை வெளித் தேர்வுதான் சொல்லும்.

இணையவழி வகுப்பு மூன்றிலும் பெரும்பாலும் செலவு குறைந்தது. புரியாத ஒரு பகுதியை நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். ஊரில் நல்ல இயற்பியல் ஆசிரியர் இல்லாத குறையும் தீரும். ஆனால் காணொளியைப் பார்ப்பதே படிப்பது என்ற மயக்கம் இங்கே எளிதில் வந்துவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. வாரக் கடைசியில் பார்த்த மணி நேரத்தையும் தானாகப் போட்ட கேள்விகளையும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். மணிகள் ஏறிக்கொண்டே போய்க் கேள்விகள் ஏறாமல் நின்றால் வகுப்பு பயன்படவில்லை என்று பொருள். மாதிரித் தேர்வையும் திரையில் எழுதக் கூடாது. நீட் தாளில், பேனாவால் வட்டமிட்டு எழுதும் தேர்வு. கேள்வியை அச்சிட்டு, ஓஎம்ஆர் தாளில் நிரப்பி, உண்மைத் தேர்வு நடக்கும் பிற்பகல் நேரத்திலேயே எழுதிப் பழக வேண்டும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: விளம்பரமும் ஒப்பந்தமும். விளம்பரத்தில் சிரிக்கும் மாணவர்கள் எந்த வகுப்பில் எத்தனை நாள் படித்தார்கள் என்பதே கேள்வி. முழு ஆண்டு படித்தவரும், தேர்வுத் தொடரில் மட்டும் சேர்ந்தவரும் ஒரே படவரிசையில் வரலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வெற்றி பெற்றவரின் படத்தைத் தேர்ச்சிக்குப் பின் பெற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலோடுதான் பயன்படுத்த வேண்டும். அவர் சேர்ந்த பாடப்பிரிவையும் அதன் காலத்தையும் கட்டணம் கட்டினாரா என்பதையும் குறிப்பிட வேண்டும். இவை இல்லாத விளம்பரம் எதையும் நிரூபிப்பதில்லை. சேர்ந்தவர் மொத்தம் எத்தனை பேர், இடம் பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்பதே நேரான வழி.

ஒப்பந்தத்தில் முக்கியம், பாதியில் விலகினால் பணம் திரும்புமா என்பது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அது மாநிலங்கள் பின்பற்றுவதற்கான வழிகாட்டுதல்தான். ஆகவே ரசீதிலோ விண்ணப்பத்திலோ அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'மாதத் தவணை' என்று சொல்லப்படுவது பல நேரம் பெற்றோர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். பிள்ளை வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. இயன்றவரை தவணையை மையத்துக்கே நேரடியாக, காலாண்டு வாரியாகக் கட்டுவது பாதுகாப்பு. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

சேர்ந்த பிறகு ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். இரண்டு மூன்று பாடங்களை மட்டும் கொண்ட பகுதித் தேர்வில் மதிப்பெண் இயல்பாகவே உயரும். அதை நம்பக் கூடாது. முன்பு எழுதாத ஒரு முழுத் தாளை மூன்று மணி நேரத்தில் எழுதி, கைநழுவிய கேள்விகளைப் பழையபடி மூன்றாகப் பிரிக்க வேண்டும். அந்த மாணவிக்குப் புரியாதவை 32இலிருந்து 20ஆகக் குறைந்திருந்தால், மொத்த மதிப்பெண் அவ்வளவாக ஏறாவிட்டாலும் ஆசிரியர் பயன்படுகிறார் என்று அர்த்தம். புரியாதவை அப்படியே நிற்க, படிக்காதவை மட்டும் குறைந்திருந்தால் உயர்வு அவளுடைய சொந்த உழைப்பால் வந்தது. ஆசிரியரை மாற்ற வேண்டும். படிக்காதவையே கூடியிருந்தால் வகுப்பு நேரம் படிப்பு நேரத்தைத் தின்கிறது. வகுப்பைக் குறைக்க வேண்டும்.