5 நிமிடத்தில் ஒரு கணக்கு சார்

ஓய்வுபெறும் கணக்கு ஆசிரியருக்கு 5 நிமிட வீடியோ என்றால், 300 சொற்களில் வசனம் போதும். மீதி நேரம் படங்களுக்கு. பணியாற்றிய பள்ளிகளின் பட்டியலை மேடையிலேயே வாசித்துவிடுவார்கள்.

'அன்பானவர்' என்பது எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். 'மழையில் சைக்கிளில் நனைந்து வந்தாலும் முதலில் கரும்பலகையைத்தான் துடைப்பார்' என்று எழுதினால் அவரே கண்முன் நிற்பார்.

நகைச்சுவைக்கும் அப்படியொரு பழக்கமே போதும். 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லி விளையாட்டு பீரியடை எடுத்துக்கொள்வார் என்றால் அரங்கமே சிரிக்கும். பட்டப்பெயர், உருவக் கேலி வேண்டவே வேண்டாம். முன்வரிசையில் அவர் குடும்பம் இருக்கும்.

சிரிப்பு அடங்க 4 நொடி விட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வரி காதில் விழாது. பிறகு ஒரு பழைய மாணவி: "அந்த ரெண்டு நிமிஷத்துலதான் சார், எனக்குப் பின்னம் புரிஞ்சது." அதன்பின் குரலில்லாமல் அவர் படம் மட்டும்.