மையத்தை நம்பாமல் அளப்பது

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்கள் சோதனையைச் செய்த பலருக்கு மனதில் நிற்பது மஞ்சள் விளக்கும் ஒரு சூத்திரமும்தான். அந்தச் சூத்திரத்தில் இரண்டு விட்டங்களின் வர்க்கங்களை ஏன் கழிக்கிறோம்? ஒரே வளையத்தை அளந்து முடித்துவிடக் கூடாதா? சோதனையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் அமைப்பு. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் லேசாகக் குவிந்தும் உள்ள லென்ஸை, குவிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தட்டைக் கண்ணாடியின் மேல் வைக்கிறோம். இரண்டும் நடுவில் தொடுகின்றன. அங்கிருந்து விலக விலக இடையிலுள்ள காற்றுப்படலம் மெல்ல மெல்லத் தடிக்கிறது. மேலே 45 டிகிரி சாய்ந்த கண்ணாடித் தகடு, சோடியம் விளக்கின் ஒளியைச் செங்குத்தாகக் கீழே திருப்புகிறது. திரும்பி வரும் ஒளியை நகரும் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிறோம்.

திரும்பி வரும் ஒளியில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று லென்ஸின் அடிப்பரப்பிலேயே பிரதிபலித்து வந்தது. மற்றொன்று காற்றைக் கடந்து, கீழ்க்கண்ணாடியில் பட்டு, மறுபடி காற்றைக் கடந்து வந்தது. காற்றின் தடிமன் t என்றால் இரண்டாவது பங்கு 2t தூரம் கூடுதலாக நடந்திருக்கிறது. அந்தக் கூடுதல் நடையைப் பொறுத்து இரண்டு அலைகளும் ஒன்றையொன்று வளர்க்கும் அல்லது அழிக்கும். ஒரே தடிமன் உள்ள இடங்கள் மையத்தைச் சுற்றி வட்டமாக அமைவதால், வெளிச்சமும் இருட்டும் வட்டங்களாகத் தெரிகின்றன.

மையத்தில் தடிமன் சுழி. கூடுதல் நடை இல்லை, ஆகவே வெளிச்சம் வர வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அங்கே கரும்புள்ளி. காற்றிலிருந்து வந்து கண்ணாடியில் மோதித் திரும்பும் அலை தலைகீழாகிறது; கண்ணாடிக்குள்ளிருந்து வந்து காற்றின் எல்லையில் திரும்பும் அலை அப்படி ஆவதில்லை. எனவே மையத்தில் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து அழிந்துபோகின்றன. தாமஸ் யங் இதை அழகாகச் சோதித்தார். மேலும் கீழும் வெவ்வேறு வகைக் கண்ணாடிகளை வைத்து, இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் இடைப்பட்ட சாசஃப்ராஸ் எண்ணெயை நடுவில் நிரப்பினார். இப்போது இரண்டு பரப்பிலும் அலை ஒரே விதமாகத் திரும்புகிறது, மையம் வெளிச்சமாகிவிட்டது.

இனி கணக்கு. லென்ஸின் குவிந்த பரப்பை ஒரு பெரிய கோளத்திலிருந்து வெட்டிய சிறு துண்டு என்று கொள்ளலாம். அந்தக் கோளத்தின் ஆரமே நாம் தேடும் வளைவு ஆரம் R. மையத்திலிருந்து r தூரத்தில் காற்றின் தடிமன் r²/2R. 2t என்பது அலைநீளத்தின் முழு மடங்காக இருக்கும் இடத்தில் இருட்டு. இரண்டையும் சேர்த்தால் n-ஆவது கரிய வளையத்தின் விட்டத்துக்கு D² = 4nRλ என்று வருகிறது. விட்டத்தின் வர்க்கம் ஒரே சீராக ஏறுவதால், வெளியே போகப் போக வளையங்கள் நெருங்குகின்றன. இந்தச் சீரான ஏற்றத்தை நியூட்டனே அளந்து கண்டு, 1704-இல் வந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். லென்ஸும் தட்டைக் கண்ணாடியும் கொண்ட அமைப்புக்குப் பதில் அவர் பயன்படுத்தியவை இரண்டு தொலைநோக்கி லென்ஸ்கள்.

இந்தச் சூத்திரத்தை அப்படியே ஒரு வளையத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர், அதாவது 0.0005893 மி.மீ. ஐந்தாவது கரிய வளையத்தின் விட்டம் 3.26 மி.மீ., பதினைந்தாவதின் விட்டம் 5.85 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் R சுமார் 90 செ.மீ. பதினைந்தாவதை மட்டும் வைத்தால் சுமார் 97 செ.மீ. ஒரே லென்ஸுக்கு இரண்டு ஆரங்கள் இருக்க முடியாது.

குற்றவாளி மையத்தில் இருக்கிறது. லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி சிக்கி, லென்ஸை 0.15 மைக்ரான் அளவுக்குத் தூக்கியிருந்தால் போதும். எல்லா இடத்திலும் தடிமன் அந்த அளவு கூடி, ஒவ்வொரு D²-இலிருந்தும் ஒரே தொகை குறைந்துவிடும். இப்போது வர்க்கங்களைக் கழியுங்கள்:

R = (D₁₅² − D₅²) / (4 × 10 × λ)

34.22-இலிருந்து 10.63 போனால் 23.59. அதை 0.02357-ஆல் வகுத்தால் 1001 மி.மீ., அதாவது சுமார் 100 செ.மீ. எல்லா வளையங்களுக்கும் பொதுவாக இருந்த தொகை கழித்தலில் போய்விட்டது. தூசி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளும் தேவையே இல்லை.

இதே கழித்தல் இன்னும் இரண்டு பிழைகளை மன்னிக்கிறது. மையம் கலங்கலாக இருந்து, ஐந்தாவதை நான்காவது என்று எண்ணத் தொடங்கினாலும், அதே எண்ணிக்கையைத் தொடர்ந்தால் இரண்டு வளையங்களுக்கும் இடையிலான வித்தியாசம் பத்துதான். நுண்ணோக்கியின் குறுக்குக்கம்பி சரியாக மையத்தின் வழியே போகாமல் சற்று மேலே போனால், நாம் அளப்பது விட்டமல்ல, நாண். ஆனால் நாணின் வர்க்கம் விட்டத்தின் வர்க்கத்தைவிட எல்லா வளையங்களுக்கும் ஒரே அளவு குறைவு. அதுவும் கழிந்துவிடும். இதைச் செய்முறை ஏடுகள் சொல்லித்தந்தால் மாணவர்கள் மையத்தைத் தேடிப் பாதி நேரத்தைச் செலவழிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மன்னிக்காதவையும் உண்டு. ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவே ஒரு வளையத்தை எண்ணத் தவறினால், விடை பத்து சதவீதம் அளவுக்குத் தவறிவிடும். நுண்ணோக்கியின் திருகை ஒரு திசையில் திருப்பிவிட்டு மறுதிசையில் திருப்பினால், மரைக்குள் இருக்கும் தளர்ச்சி காரணமாக முதல் சில பாகைகளுக்கு நுண்ணோக்கி நகராது, அளவுகோலின் எண் மட்டும் மாறும். ஆகவே இடப்பக்கம் இருபதாவது வளையத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து வலப்பக்கம் நோக்கி ஒரே திசையில் வர வேண்டும். வழியில் வளையத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து பிடிக்கக் கூடாது. மறுபடி இடது கோடிக்கே போய்த் தொடங்க வேண்டும். குறுக்குக்கம்பியை வளையத்தின் கரிய பட்டையின் நடுவில் வைப்பதா, விளிம்பில் வைப்பதா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதிருப்பது நல்லது.

இவ்வளவு பாடு எதற்கு, கோளமானியால் அளந்துவிடலாமே என்று கேட்கலாம். அதன் கால்கள் 4 செ.மீ. இடைவெளியில் இருந்தால், இந்த லென்ஸின் நடு உயரம் 0.27 மி.மீ. அளவுதான் காட்டும். கருவியின் மிகச்சிறு அளவு 0.01 மி.மீ. என்றால் அங்கேயே கிட்டத்தட்ட நான்கு சதவீதப் பிழை. வளையங்களில் 0.01 மி.மீ. தவறினால் விடையில் அரை சதவீதம்தான் மாறும். லென்ஸ் தட்டையாக ஆக ஆக இந்த வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் கோளமானி அளக்கும் உயரம் சுருங்குகிறது, வளையங்களோ விரிகின்றன.

இரண்டு வளையங்களோடு நிறுத்தாமல், ஐந்திலிருந்து இருபது வரை ஒவ்வொன்றின் D²-ஐயும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எண்ணத் தவறிய இடத்தில் கோடு ஒரு படி ஏறிவிடும். அந்த இடத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். சரியான அளவுகள் ஒரே நேர்க்கோட்டில் விழும். அதன் சாய்வை 4λ-ஆல் வகுத்தால் R. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை என்று அளவுகளை மட்டும் திருத்தி எழுதிவிடாதீர்கள். அது போக வேண்டிய கட்டாயமே இல்லை. விடை சாய்வில் இருக்கிறது.